ஃப்ளூவுக்கு ஆண்டுதோறும், தட்டம்மைக்கு ஆயுளுக்கும்: ஏன்?

கேள்வி: ஃப்ளூ தடுப்பூசியை மட்டும் ஏன் வருஷா வருஷம் போடச் சொல்கிறார்கள்? தட்டம்மைக்கு அப்படி இல்லையே?

நம் எதிர்ப்பு அணுக்கள் வைரஸை அடையாளம் காண்பது அதன் மேற்பரப்பிலுள்ள புரதங்களை வைத்து. அந்த அடையாளத்துக்கு ஆன்டிஜென் என்று பெயர். அது உருமாறிக்கொண்டே போவதுதான் ஆன்டிஜென் மாறுபாடு.

வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை ஒரு சாவியாகவும், நம் செல்லைப் பூட்டாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூவின் மேற்பரப்பிலுள்ள ஹீமக்ளூட்டினின் புரதத்தில் செல்லைப் பிடிக்கும் சிறு இடம்தான் சாவியின் பல். நம் எதிர்ப்புப் பொருள்கள் பெரும்பாலும் பிடிப்பது அதைச் சுற்றியுள்ள கைப்பிடியை. கைப்பிடி மாறினாலும் பூட்டு திறக்கும், காவலாளியான எதிர்ப்புப் பொருளுக்கோ அடையாளம் தெரியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் தடுப்பூசி வகைகளைப் பரிந்துரைக்கிறது. தயாரிக்க ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் வைரஸ் விலகிப் போனால் பாதுகாப்பு குறையும். 2014-15இல் ஹெச்3என்2 வகையில் அதுதான் நடந்தது.

தட்டம்மையில் எதிர்ப்புப் பொருள்கள் பற்களையே பல இடங்களில் பிடிக்கின்றன. பல்லை மாற்றினால் பூட்டே திறக்காது. 1954இல் பிரித்தெடுத்த வைரஸின் வழிவந்த தடுப்பூசிகள் இன்றும் வேலை செய்கின்றன. ஃபாரோ தீவுகளில் 1846இல் தட்டம்மை பரவியபோது, 1781இல் அது வந்து மீண்ட முதியவர்களை மறுபடி தொடவில்லை. 65 ஆண்டுகள்!

தட்டம்மை வைரஸ் மாறுவதே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் மரபணுவிலும் பிழைகள் தாராளமாக விழுகின்றன, ஆனால் பல்லைக் கெடுத்த பிரதிகள் பரவுவதில்லை.