27,216 பக்கங்களில் 22க்குத் தலைப்பு எழுதினால் போதும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இலத்திரனியல் பொருட்கள் விற்கும் கடை எங்களுடையது. எங்கள் இணையத்தளத்தின் பிரிட்ஜ் பகுதியில் நிறுவனம், கதவு, கொள்ளளவு, இன்வேர்ட்டர், நிறம், விலை என்று ஆறு வடிகட்டிகள் இருக்கின்றன. எதைத் தெரிவுசெய்தாலும் பக்கத் தலைப்பு 'பிரிட்ஜ்' என்றே நிற்கிறது; கூகுளில் வரும் விளக்கமும் ஒன்றேதான். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா? விபரப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: வேண்டாம். உங்கள் பட்டியலில் 8 நிறுவனங்கள், 3 கதவு வகைகள், 5 கொள்ளளவுகள், இன்வேர்ட்டர் உண்டு அல்லது இல்லை, 6 நிறங்கள், 5 விலை எல்லைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வடிகட்டியிலும் 'எதையும் தெரிவுசெய்யாத' நிலை ஒன்றையும் சேர்த்துப் பெருக்கினால் 9 × 4 × 6 × 3 × 7 × 6, அதாவது 27,216 பக்கங்கள். ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களைத் தெரிவுசெய்ய விட்டால் இந்தக் கணக்கும் உடையும். கடையில் இருப்பதோ 64 மொடல்கள். 64 பிரிட்ஜ்களை 27,216 விதமாக அடுக்கிக் காட்டும் தளத்தில், எந்த அடுக்கு முக்கியமானது என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு இருப்பதை நீங்கள் குறையாக நினைக்கிறீர்கள். அது நோயின் அறிகுறி. நோய், எல்லாமே பக்கங்களாகத் திறந்து கிடப்பது.

ஆகவே முதல் வேலை, எந்தச் சேர்க்கை ஒரு பக்கமாக இருக்கத் தகுதியுடையது என்று பிரிப்பது. நான் பார்ப்பது இரண்டே விடயங்கள்: அப்படி ஒன்றை யாராவது தேடுகிறார்களா, தேடி வந்தால் காட்டுவதற்குக் குறைந்தது நான்கு மொடல்களாவது இருக்கின்றனவா. நான்கு என்பது என் கைக்கணக்கு. கூகுள் சொன்ன எண் அல்ல. நிறுவனத்தின் பெயரைத் தேடுகிறார்கள். இரட்டைக் கதவு, ஒற்றைக் கதவு என்று தேடுகிறார்கள். இரண்டையும் சேர்த்தும் தேடுகிறார்கள். 'சாம்பல் நிற, 250 லீற்றர், ஒன்றரை இலட்சத்துக்குள்' என்று தேடுபொறியில் எழுதுபவரை நான் இதுவரை கண்டதில்லை. அது கடைக்குள் வந்த பிறகு விரலால் செய்யும் வேலை.

உங்கள் பட்டியலில் இதைப் பொருத்திப் பார்த்தேன். பிரிட்ஜ் தாய்ப்பக்கம் 1, நிறுவனப் பக்கங்கள் 8, கதவு வகைப் பக்கங்கள் 3, இன்வேர்ட்டர் பக்கம் 1. நிறுவனமும் கதவும் சேரும் 24 இணைகளில் நான்கு மொடல்களுக்குக் குறையாதவை 9. மொத்தம் 22. கொள்ளளவை விட்டுவிட்டேன். தளத்துக்கு ஆட்கள் எப்படி வருகிறார்கள் என்று காட்டும் கூகுளின் கருவியான சேர்ச் கொன்சோலில் தேடல் சொற்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள்; லீற்றர் கணக்கோடு ஆட்கள் வருவது தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கேயே இன்னொன்றும் தெரியும்: வாடிக்கையாளர் 'குளிர்சாதனப் பெட்டி' என்று எழுதுகிறாரா, 'பிரிட்ஜ்' என்று எழுதுகிறாரா, அல்லது ஆங்கில எழுத்தில் fridge என்று தட்டுகிறாரா என்பது. பக்கத்தின் உடல் தமிழில் இருக்கத் தலைப்பு மட்டும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தால், கூகுள் தன் விருப்பப்படி வேறு தலைப்பைப் போட்டுவிடலாம். எந்த மொழியை எடுத்தாலும் உடலும் தலையும் ஒத்திருக்கட்டும்.

இனி எழுதும் முறை. இருபத்திரண்டையும் கையால் எழுதலாம்; ஆனால் நாளை வோஷிங் மெஷின், தொலைக்காட்சி என்று இதே வேலை வரும். ஆகவே சொற்களை மட்டும் மாற்றி மாற்றி நிரப்பக்கூடிய அச்சு ஒன்று செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத் தளங்களின் அச்சைத் தமிழுக்கு அப்படியே எடுத்தால் இரண்டு இடங்களில் சறுக்கும்.

முதலாவது, தமிழில் பெயர்ச்சொல் கடைசியில் வரும். 'ஒன்றரை இலட்சத்துக்குள் Samsung இன்வேர்ட்டர் இரட்டைக் கதவு பிரிட்ஜ்' என்று அச்சு அடுக்கினால், தேடல் முடிவில் இடம் போதாமல் வால் வெட்டுப்படும்போது முதலில் போவது 'பிரிட்ஜ்' என்ற சொல்தான். என்ன பொருள் என்பதே தெரியாத தலைப்பு மிஞ்சும். தலைப்பு எங்கே வெட்டப்படும் என்பதை எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல, திரையில் அவை பிடிக்கும் அகலமே தீர்மானிக்கிறது. நம் எழுத்துகள் அகலமானவை. 60 எழுத்துகள் என்ற ஆங்கில ஆலோசனை இங்கே பொருந்தாது. அதனால் பெயர்ச்சொல்லுக்கு முன் அதிகம் இரண்டு அடைகள் மட்டும். ஊரும் கடைப் பெயரும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால். அவை வெட்டுப்பட்டாலும் நட்டமில்லை.

இரண்டாவது, வேற்றுமை உருபும் சந்தியும். 'ஊர்ப் பெயர் + இல்' என்று நிரலில் எழுதினால் 'யாழ்ப்பாணம்இல்' என்றும் 'வவுனியாஇல்' என்றும் அச்சாகும். சிரிப்பதற்கு எழுதவில்லை, இப்படி மாதக்கணக்கில் நின்ற ஒரு தளத்தை நான்தான் திருத்திக் கொடுத்தேன். வடிகட்டியில் காட்டும் சொல்லும் தலைப்பில் வரும் சொல்லும் வேறு வேறு. 'இன்வேர்ட்டர் உண்டு' என்பது கட்டத்துக்குப் பக்கத்தில் பொருந்தும், தலைப்பில் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு மதிப்புக்கும் தலைப்பு வடிவம் ஒன்றைத் தனியாக எழுதிச் சேமியுங்கள்; ஒட்டும் வேலையை நிரலிடம் விடாதீர்கள்.

```
brand=samsung   Samsung
door=double     இரட்டைக் கதவு
inverter=1      இன்வேர்ட்டர்
city=jaffna     யாழ்ப்பாணத்தில்
```

விளக்கத்துக்கு வருவோம். விளக்கம் உங்களைத் தேடல் வரிசையில் மேலே ஏற்றாது. மேலே வந்த பிறகு சொடுக்க வைக்கும், அவ்வளவுதான். அதையும் பல வேளைகளில் கூகுள் ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலிருந்தே ஒரு வரியை எடுத்துப் போடும். எனவே தாய்ப்பக்கத்துக்கும் மூன்று கதவு வகைகளுக்கும் கையால் எழுதுங்கள். மற்றவற்றுக்கு அச்சுப் போதும். அச்சில் அந்தப் பக்கத்துக்கே உரிய தகவல் இருக்க வேண்டும்: எத்தனை மொடல்கள், எத்தனை லீற்றரிலிருந்து எத்தனை வரை, எந்த ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். 'சிறந்த விலை, தரமான சேவை' என்பதை எந்தப் பக்கத்திலும் ஒட்டலாம்; அதனாலேயே அது எந்தப் பக்கத்துக்கும் உதவாது. விலையை மட்டும் விளக்கத்தில் எழுதாதீர்கள். டொலர் அசைந்தால் நீங்கள் விலையை மாற்றுவீர்கள்; கூகுள் மறுபடி வந்து பார்க்கும்வரை பழைய விலை அங்கே நிற்கும். அந்த விலையைக் காட்டி ஒருவர் கடையில் சண்டை பிடிப்பார்.

```
<title>Samsung இரட்டைக் கதவு பிரிட்ஜ் யாழ்ப்பாணத்தில் | கடைப் பெயர்</title>
<meta name="description" content="11 Samsung இரட்டைக் கதவு மொடல்கள், 230 முதல் 420 லீற்றர் வரை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாவில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்.">
```

எண்களை உங்கள் இருப்பிலிருந்து நிரலே எடுக்கட்டும். பக்கத்துக்குள் தெரியும் பெரிய தலைப்பும் இதே சொற்களோடு தொடங்கட்டும். இரண்டும் முரண்பட்டால் கூகுள் மற்றதை எடுத்துவிடக்கூடும்.

மிச்சம் 27,194 பக்கங்கள். இவற்றில் பல ஏற்கனவே கூகுளின் பட்டியலில் ஏறியிருக்கும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு robots.txt கோப்பில் கதவைப் பூட்டுகிறார்கள். பூட்டினால் கூகுள் உள்ளே வராது. வராவிட்டால் 'இதைப் பட்டியலில் சேர்க்காதே' என்று பக்கத்துக்குள் நீங்கள் எழுதிய noindex குறிப்பையும் வாசிக்காது. பழைய முகவரிகள் அப்படியே கிடக்கும். ஆகவே முதலில் 22 தவிர்ந்த எல்லாவற்றிலும் noindex. சில வாரங்களோ மாதங்களோ பொறுத்து, அவை உதிர்ந்த பிறகு பூட்டு:

```
User-agent: Googlebot
Disallow: /*?*colour=
Disallow: /*?*price=
Disallow: /*?*sort=
```

இவற்றுக்கெல்லாம் 'இதன் மூலப் பக்கம் அதுதான்' என்று தாய்ப்பக்கத்தைச் சுட்டும் canonical குறிப்புப் போதாதா என்று உங்கள் நிரலாளர் கேட்பார். அது கூகுளுக்கு ஆலோசனைதான், கட்டளை அல்ல. பக்கங்கள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும். 64 மொடல்கள் உள்ள பக்கத்தையும் 5 மொடல்கள் உள்ள பக்கத்தையும் ஒன்று என்று சொன்னால் ஏற்காமலும் விடலாம். முகவரியில் வடிகட்டிகளின் வரிசையையும் நிலையாக்கச் சொல்லுங்கள். நிறுவனம் முதலில் வந்தாலும் கதவு முதலில் வந்தாலும் பக்கம் ஒன்றுதான். முகவரி இரண்டாக இருக்கக்கூடாது.

அந்த 22 பக்கங்களுக்கும் தாய்ப்பக்கத்திலிருந்து சாதாரண இணைப்புகள் கொடுங்கள். வடிகட்டிக் கட்டங்களைக் கூகுள் சொடுக்கிப் பார்ப்பதில்லை. `<a href>` இருந்தால்தான் பின்தொடரும்.

அந்த 22இல் இல்லாத பக்கங்களுக்கும் ஓரளவு ஒழுங்கான தலைப்புத் தேவை. அது கூகுளுக்காக அல்ல, லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகளுக்காக. நம் ஊரில் அம்மா கடையில் பார்ப்பார், மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவார். நடுவில் வட்ஸ்அப்பில் போவது வடிகட்டிய பக்கத்தின் முகவரிதான். அங்கே முன்னோட்டமாகத் தெரிவது og:title, og:description என்ற இரண்டு குறிப்புகள். உங்கள் தளத்தில் வடிகட்டியைத் தொட்டால் பக்கம் மீளத் திறக்காமலே பட்டியல் மாறுகிறது; அதனால் தலைப்பை மாற்றினாலும் உலாவிக்குள் மட்டுமே மாறும். வட்ஸ்அப் அந்த நிரலை ஓடவிடாது, சேவையகம் முதலில் அனுப்பியதையே எடுக்கும். எனவே தலைப்புச் சேவையகத்திலிருந்தே சரியாக வர வேண்டும். சோதிப்பது எளிது: வடிகட்டிய முகவரியைப் புதிய சாளரத்தில் திறந்து, பக்க மூலத்தில் `<title>` என்றும் `og:title` என்றும் தேடிப் பாருங்கள்.

ஒரு மொடலும் இல்லாத சேர்க்கைக்கு 'பொருட்கள் இல்லை' என்று எழுதிய பக்கத்தைச் சரியான பக்கம்போல அனுப்பாதீர்கள். 404 என்று அனுப்புங்கள், முடிந்தால் அந்தக் கட்டத்தையே மங்கலாக்கிவிடுங்கள். ஆனால் 22இல் ஒன்று கப்பல் தாமதத்தால் மூன்று மொடல்களாகக் குறைந்தால் அவசரப்பட்டு noindex போட வேண்டாம். அந்த வரிசையையே நிறுவனம் நிறுத்திவிட்டால் மட்டும் எடுங்கள். நீண்ட பட்டியலின் இரண்டாம் பக்கத்துக்குத் தலைப்பின் முடிவில் 'பக்கம் 2' என்று சேருங்கள். அதன் canonical முதற்பக்கத்தைச் சுட்டாமல் தன்னையே சுட்டட்டும்.

ஒரு மாதம் கழித்துச் சேர்ச் கொன்சோலின் பக்கங்கள் அறிக்கையைப் பாருங்கள். `Excluded by 'noindex' tag` என்ற வரியில் எண்ணிக்கை ஏறுவது நல்லது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். `Duplicate without user-selected canonical` என்பதில் அந்த 22இல் ஏதாவது தென்பட்டால் முகவரி வரிசை இன்னும் சரியாகவில்லை. `Crawled - currently not indexed` என்பதில் தென்பட்டால், அந்தப் பக்கத்தில் உள்ள மொடல்களை எண்ணுங்கள். பெரும்பாலும் நான்கோ ஐந்தோதான் இருக்கும், அவையும் தாய்ப்பக்கத்தில் முதல் வரிசையிலேயே இருக்கும்; கூகுளுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.