அரைகுறைச் செயலியை முன்பின் தெரியாதவர்களிடம் காட்டலாமா? கேள்வி பதில்

நாமக்கல்லிலிருந்து ஒரு மாணவர்: அப்பா வீடு வீடாகப் பால் ஊற்றுகிறார். நோட்டுக் கணக்குக்குப் பதிலாக ஒரு செயலி எழுதினேன். ஏபிகே கோப்பைக் குழுவில் போட்டு, ‘பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்’ என்றேன். ‘அருமை தம்பி’, ‘வாழ்த்துகள்’ தவிர ஒன்றும் வரவில்லையே, அக்கா?

வாழ்த்தியவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், தம்பி. ஏபிகே கோப்பை நிறுவப் போனாலே ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். அமைப்புகளுக்குள் போய்த் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். யாரென்றே தெரியாத ஒருவர் தந்த கோப்புக்காக எவரும் அதைச் செய்யமாட்டார், செய்யவும் கூடாது. உலாவியில் தட்டினால் திறக்கிற இணைப்பாகக் கொடுங்கள்.

அடுத்தது, ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் நம் ஊரில் வாழ்த்துதான் வரும். கருத்தை விடுங்கள், ஒரு வேலையைக் கொடுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

“வீடுகளுக்குப் பால் ஊற்றுபவர்களுக்கான கணக்குச் செயலி. இன்னும் முடியவில்லை. உள்ளே 30 வீடுகளுக்குக் கற்பனைக் கணக்கு போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாம் தெரு 12ஆம் எண் வீட்டார் ஊருக்குப் போகிறார்கள். நாளை முதல் நான்கு நாள் பால் வேண்டாம். அதைப் பதிந்துவிட்டு, அந்த வீட்டின் மாதத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். எந்த இடத்தில் தயங்கி நின்றீர்கள், அங்கே எதை எதிர்பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நிறம், எழுத்துரு, பணம் செலுத்தும் வசதி ஆகியவற்றை நான் இன்னும் தொடவில்லை.”

கற்பனைக் கணக்கு முக்கியம். வெற்றுத் திரையைப் பார்த்தவர் வெற்றுத் திரையைப் பற்றித்தான் பேசுவார். எதைத் தொடவில்லை என்று சொல்லிவிட்டால், அதைப் பற்றி வரும் பதில்களும் குறையும்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்னாளில் லினக்ஸ் ஆன தன் இயங்குதளத்தைப் பற்றி 1991 ஆகஸ்ட் 25 அன்று, மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் பயனர்களுக்கு எழுதினார். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்றார். ஏடி வகை வன்தட்டுகளைத் தவிர வேறெதிலும் அநேகமாக ஓடாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். யோசனைகளை வரவேற்கிறேன், செய்வேன் என்று வாக்குத் தரமாட்டேன் என்றார். அதைவிடக் கெட்டிக்காரத்தனம், அவர் கேட்ட கேள்வி: மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை? அவர்கள் அன்றாடம் புழங்குகிற பொருளைப் பற்றிக் கேட்டார். நீங்களும் பால்காரர்களிடம் நோட்டில் எந்தக் கணக்கு இடிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: எனக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. தையல் கடை ஆர்டர்களைக் குறித்துவைக்கும் செயலி. பதில்கள் குவிந்துவிட்டன. ஒருவர் யூபிஐ சேர்க்கச் சொல்கிறார், ஒருவர் வாட்ஸ்ஆப், ஒருவர் ஆங்கிலம் வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஆங்கிலமே வேண்டாம் என்கிறார். எதை முதலில் செய்வது?

இப்போதைக்கு எதையும் செய்யாதீர்கள். ஒரு தாளில் கோடு கிழித்து நெடுக்காக நான்கு பத்தி போடுங்கள்: சொன்னவர் யார், என்ன செய்ய முயன்றார், எங்கே நின்றார், என்ன யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு வரி. எல்லாவற்றையும் நிரப்பியபின் யோசனைப் பத்தியை மட்டும் கையால் மூடிவிட்டு மற்ற மூன்றையும் படியுங்கள்.

உங்கள் குவியலில் இப்படி மூன்று பதில்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தேதிவாரியாகத் தேடும் வசதி கேட்கிறார். ஒருவர் முகப்பில் நாள்காட்டி கேட்கிறார். மூன்றாமவர் வாட்ஸ்ஆப்பில் நினைவூட்டல் கேட்கிறார். யோசனையாகப் பார்த்தால் மூன்று புது வசதிகள், ஒரு மாத வேலை. எங்கே நின்றார்கள் என்று பார்த்தால் மூவரும் நின்றது ஒரே இடம்: இன்றைக்கு எந்தத் துணியைக் கொடுத்தாக வேண்டும் என்பது திறந்தவுடன் தெரியவில்லை. பட்டியலில் இன்று கொடுக்க வேண்டியவற்றை மேலே கொண்டுவந்தால் மூன்று கோரிக்கையும் அடங்கிவிடலாம். அடங்கியதா என்பதை அந்த மூவரிடமே காட்டிக் கேளுங்கள்.

எங்கே நின்றார் என்று எழுதாதவர்களிடம், ‘இதைக் கேட்கத் தோன்றியபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று ஒரு வரி கேளுங்கள். பலர் பதில் சொல்லமாட்டார்கள். சொல்பவர்களின் பதிலுக்கு எடை அதிகம்.

ஆங்கிலச் சண்டையை முதல் பத்தி தீர்த்துவைக்கும். இருவரில் யார் தையல்காரர்? இருவருமே இல்லை என்றால் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அளவு நோட்டில் தையல்காரர் என்ன எழுதுகிறாரோ அதையே திரையில் எழுதுங்கள். யூபிஐ கேட்டவர் ஓர் ஆர்டரையாவது பதிந்து பார்த்தாரா என்று பாருங்கள். பதியாதவரின் கோரிக்கை காத்திருக்கலாம்.

சென்னையிலிருந்து ஒருவர்: ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்று படித்தேன். பிளே ஸ்டோரோ 20 பேர் கேட்கிறதாமே? எதை நம்புவது?

இரண்டும் வேறு வேறு கணக்கு. ஐந்து பேர் என்பது, பயன்படுத்த எளிதா என்று சோதிப்பதில் வல்லுநரான ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது. ஒரே மாதிரியான பயனர்களுக்கு ஒரே வேலையைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், ஐந்து பேருக்குள் சிக்கல்களில் சுமார் 85 விழுக்காடு தெரிந்துவிடும் என்பது அவர் கணிப்பு. திருத்தியபின் மறுபடி ஐந்து பேர் என்று அவர் சொன்னதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்து எழுதி அனுப்புகிறவர்களுக்கு இது பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தடுமாறியதை மனிதர்கள் எழுதுவதில்லை, தம் தவறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிளே ஸ்டோர் கேட்பது வெளியிடுவதற்கான நிபந்தனை. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு முதலில் 20 சோதனையாளர் என்றார்கள், பின்னர் 12 ஆக்கினார்கள். அவர்கள் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். அதற்காக நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் சோதனை என்று நம்பிவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: ‘இதுபோல ஏற்கெனவே பத்து இருக்கிறது, வேறு வேலை பாருங்கள்’ என்றார் ஒருவர். பத்தி பத்தியாக விளக்கினேன். சண்டையில் முடிந்தது.

அந்தப் பத்தில் எதை அவர் பயன்படுத்தினார், எப்போது நிறுத்தினார், ஏன் என்று கேட்டிருக்கலாம். பதில் வந்தால் லாபம். வராவிட்டால் நன்றி சொல்லி நகருங்கள். நீங்கள் எழுதிய விளக்கத்தை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். செயலியைப் பார்த்தவருக்கு அதில் எந்த வரி தெரியாமல் போயிற்றோ, அந்த வரி முதல் திரையில் இருக்க வேண்டியது.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்: வாசற்கதவு தாழ்ப்பாளில் ஒரு புதுமை செய்திருக்கிறேன். யாராவது திருடிவிட்டால்? காப்புரிமை வாங்கியபின் காட்டலாமா?

ஐயா, மற்றவர்கள் செயலியைப் பற்றிக் கேட்கிறார்கள், உங்களுடையது வேறு வகை. பொதுவில் காட்டிவிட்டால் ‘புதியது’ என்ற தகுதியே போய்விடக்கூடும். வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம், விண்ணப்பம் போட்ட பிறகு காட்டுங்கள். இந்தியாவில் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரத்தைத் தரலாம். ஒரு காப்புரிமை முகவரைப் பார்த்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்: அரைகுறையாகக் காட்டுவதே தவறு என்பேன். ஒருமுறை செயலி நின்றுபோனால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கொடுத்த வேலை நடக்கும் பாதை மட்டும் நின்றுபோகாமல் ஓட வேண்டும். மற்ற பொத்தான்களை மறைத்துவிடலாம். ஆனால் பளபளப்பாக முடித்துக் காட்டினால், அடிப்படையே தவறு என்று சொல்லத் தயங்குவார்கள், பொத்தானின் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். எவ்வளவு முடித்தபின் காட்டுவது என்பதற்கு என்னிடம் அளவுகோல் இல்லை. மருந்துக்கடைக்குச் செய்ததைக் கூடுதலாக முடித்தபின்தான் காட்டினேன். அங்கே ஒரு தவறான எண்ணைப் பார்த்தாலே நம்பிக்கை போய்விடும். நீங்கள் யாருக்காகச் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லையே?