நாட்டுக்கோழி ஏன் இவ்வளவு நேரம் வேகிறது, வெந்த பதம் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஞாயித்துக்கிழமை சந்தையில நாட்டுக்கோழி எடுத்து குக்கர்ல ஆறு விசில் விட்டேன், கறி ரப்பர் மாதிரி இருந்துச்சு. பிராய்லர் மூணு விசில்ல குழைஞ்சிடுது. ஏன் இப்படி? வெந்திருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வயசுதாங்க காரணம். இனம் எதுவென்பது அதற்கு அடுத்தபடிதான். பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ தேறி கடைக்கு வந்துவிடுகிறது, அதாவது உடம்பு பெருத்த குஞ்சு. நாட்டுக்கோழியில் இன்னும் முட்டை வைக்காத இளசான வெடைக்கோழி ஒன்றேகால் கிலோ வருவதற்கே ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை மேய்ந்து, கிளறி, மரமேறி வளர்ந்த கால் அது.

கறி என்பது வைக்கோல் கட்டு மாதிரி. வைக்கோல்தான் தசைநார். அதைக் கட்டியிருக்கும் கயிறு, கொலாஜன் என்கிற ஜவ்வு. குஞ்சில் அந்தக் கயிறு மெல்லிசு, சூட்டில் சீக்கிரம் கரைந்து பிசின் மாதிரி ஆகிவிடும். வயசு ஏற ஏற கயிறுக்கும் கயிறுக்கும் இடையில் முடிச்சு விழுந்துகொண்டே போகும். முடிச்சு விழுந்த ஜவ்வும் கரையும், ஆனால் நிதானமான சூட்டில் நேரம் கொடுத்தால்தான் கரையும். நாமக்கல் பக்கம் முட்டை ஓய்ந்து கழித்துவிடும் பண்ணைக் கோழியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்களுக்கு இது தெரியும். அது நாட்டுக்கோழி இல்லை, ஆனாலும் ஒரு வயசு தாண்டியதால் பல்லுக்கு வேலை வைக்கும். மாறாக எழுபது, எண்பது நாளில் விற்கும் பண்ணைக் கலப்பு 'நாட்டுக்கோழி' அரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும்.

அதனால் வாங்கும்போதே வயசைப் பாருங்கள். நெஞ்செலும்பின் அடி நுனியை விரலால் அழுத்தினால் காது மடல் மாதிரி வளைந்து கொடுத்தால் இளசு. கெட்டியாக நின்றால் முற்றல். சேவலாக இருந்தால் காலில் முள்ளைப் பாருங்கள். வெறும் மொட்டாக இருந்தால் பரவாயில்லை, விரல்கணு நீளத்துக்கு வளர்ந்து கூர்மையாக இருந்தால் வருஷம் தாண்டியது. முற்றல் சேவலையும் வெடைக்கோழியையும் ஒரே சட்டியில் போடவே கூடாது. ஒன்று வேகும் நேரத்தில் இன்னொன்று சக்கையாகிவிடும்.

இப்போது உங்கள் ஆறு விசிலுக்கு வருவோம். தீயைக் கூட்டி வைத்தால் ஆறு விசில் பத்து நிமிஷத்துக்குள் வந்துவிடும். விசில் ஒரு கணக்கே இல்லைங்க, நிமிஷம்தான் கணக்கு. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, வெடைக்கோழிக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிஷம், முற்றல் சேவலுக்கு இருபத்தைந்திலிருந்து முப்பது நிமிஷம் விடுங்கள். பிறகு ஆவி தானாக இறங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் உள்ளே தண்ணீர் குபுகுபுவென்று கொதித்து, கறியில் இருக்கும் சாறு வெளியேறிவிடும்.

இன்னொன்று, சந்தையில் அறுத்து ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றுவது. அறுத்த கொஞ்ச நேரத்தில் தசை விறைக்கத் தொடங்கும். அந்த விறைப்போடு சமைத்தால் இளங்கோழியும் முறுக்கிக்கொள்ளும். மஞ்சள் தடவி வாட்டி, சுத்தம் செய்து, துண்டு போடாமல் முழுசாக ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் நாலைந்து மணி நேரம் வையுங்கள். ஃபிரீசரில் வைத்தால் விறைப்பு அப்படியே உறைந்து நிற்கும். காலையில் அறுத்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டியில் வைப்பதானால், தோலோடு ஒரு கிலோ வெடைக்கறிக்குக் கணக்கு சொல்கிறேன். நல்லெண்ணெய் மூன்று கரண்டி, உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ, மஞ்சள்தூள், உப்பு. வெங்காயம் வதங்கியதும் கறியைப் போட்டு, அது விடும் தண்ணீர் வற்றி எண்ணெய் மேலே தெரியும்வரை பத்து நிமிஷம் வதக்குங்கள். பிறகு வெந்நீர் நாலு டம்ளர் ஊற்றி மூடி, ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற சூட்டில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் ஜவ்வு கரைவதற்கு முன்னால் நார் இறுகிச் சாறு வடிந்துவிடும். வறுத்து அரைத்த மல்லி, வரமிளகாய் விழுதை இருபதாவது நிமிஷம் சேருங்கள், தேங்காயைக் கறி வெந்த பிறகு. முதலிலேயே சேர்த்தால் குழம்பு கெட்டியாகி அடிபிடிக்கும். அதற்குப் பயந்துதான் பலர் கறி வேகும் முன்பே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். நடுவில் தண்ணீர் பற்றவில்லை என்றால் வெந்நீர்தான் ஊற்ற வேண்டும்.

இருபதாவது நிமிஷம் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு போயிருக்கும், ஆனால் கடித்தால் பச்சையில் இருந்ததைவிடக் கெட்டியாக இருக்கும். எல்லோரும் பயப்படும் இடம் இதுதான். நார் வெந்து சுருங்கிவிட்டது, ஜவ்வு இன்னும் கரையவில்லை. தீயைக் கூட்டாமல் விட்டால் நாற்பது, ஐம்பது நிமிஷத்தில் தானாக இளகும். வருஷம் தாண்டிய சேவலுக்கு ஒன்றரை மணி நேரம், சில சமயம் இரண்டும் ஆகும். ஊட்டியில் சமைப்பவர்கள் சட்டியை நம்ப வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே குக்கர்தான்.

பதம் பார்க்க நெஞ்சுத் துண்டை எடுக்காதீர்கள், அது முதலில் வெந்து ஏமாற்றும். தொடையும் காலும் சேரும் மூட்டுத் துண்டை எடுத்துத் தட்டில் வைத்து, எலும்பின் இரண்டு முனையையும் பிடித்துத் திருகுங்கள். வேகாத மூட்டு ரப்பர் வார் மாதிரி இழுத்துப் பிடித்துத் திரும்பி வரும். வெந்த மூட்டு லேசாகச் சுழன்று நிற்கும். மூட்டைச் சுற்றி வெள்ளையாக இருந்த ஜவ்வு கண்ணாடி மாதிரி தெளிந்து விரலில் ஒட்டும். அடுத்து, தொடைக்கறியைக் கட்டை விரலால் அழுத்துங்கள். விரல் எடுத்ததும் எகிறி வந்தால் இன்னும் பத்து நிமிஷம் வேண்டும். பள்ளம் அப்படியே நின்று நார் நாராக விலகினால் சரி. தோலையும் கிள்ளிப் பாருங்கள், நகம் படும்போதே கிழிய வேண்டும்.

கால் நுனியில் கறி மேலேறி எலும்பு தெரிவதை வெந்த அடையாளமாக நம்பாதீர்கள். அது சுருங்கியதற்கு அடையாளம், முதல் இருபது நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழும்வரை காத்திருப்பதும் தவறு. பிராய்லர் அப்படி விழும். நாட்டுக்கோழியில் அந்த அளவுக்கு விட்டால் நெஞ்சுக்கறி மரத்தூளாகிவிடும். பல்லால் இழுத்தால் சிரமமில்லாமல் கழன்று வர வேண்டும், அவ்வளவுதான்.

நெஞ்சு வெந்து, கால் வேகாமல் நின்றால் நெஞ்சுத் துண்டுகளைக் கொஞ்சம் குழம்போடு ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டுக் காலை மட்டும் வேக விடுங்கள். இரைப்பை முதலிலிருந்தே காலோடு வேகலாம். ஈரலை எடுத்து வைத்திருந்து, நெஞ்சுத் துண்டுகளைத் திரும்பச் சேர்க்கும்போது போட்டால் எட்டு நிமிஷம் போதும்.