டிவியில் ஆட்களைச் சுற்றி வெள்ளைக் கோடு

அன்புள்ள ஐயா, தீபாவளிக்குப் புது டிவி வாங்கினோம். வசந்தம் சேனலில் பழைய படம் போட்டால் ஆட்களின் தோளையும் தலைமுடியையும் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறது. முகமோ மெழுகு பொம்மைபோல வழவழவென்று இருக்கிறது. கடையில் சொல்லி டிவியை மாற்றிக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, தெம்பனிஸ்

அன்புள்ள வாசகிக்கு,

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். இது அநேகமாக செட்டிங்ஸ் சங்கதிதான்.

மெனுவில் Sharpness என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து, கூட்டினால் படம் துல்லியமாகும் என்று நினைத்துவிடுகிறோம். படத்தில் இல்லாத நுணுக்கத்தை அதனால் கொண்டுவர முடியாது. கறுப்புத் தலைமுடியும் வெளிர் சுவரும் சந்திக்கும் ஓரத்தில், முடியின் பக்கத்தை இன்னும் கறுப்பாக்கி, சுவரின் பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கும். அந்த வெளுத்த பட்டைதான் நீங்கள் பார்க்கும் கோடு. பழைய படத்தில் உள்ள பிலிம் துகள்களையும் அது இதேபோல் தூக்கிக் காட்டும். அந்தப் புள்ளிகளை அழிக்க Noise Reduction வேலை செய்யும்போது முகத்தின் தோல், பட்டுச் சேலையின் சரிகை எல்லாம் சேர்ந்து அழிகின்றன. மெழுகு முகம் அப்படி வந்ததுதான்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள். முதலில் பட முறையை Movie அல்லது Cinema என்று மாற்றுங்கள். Noise Reduction, MPEG Noise Reduction என்று எத்தனை இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அப்புறம் தமிழ்ச் செய்தி ஓடும்போது வாசிப்பவரின் தோள் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே Sharpness அளவை மெதுவாகக் குறையுங்கள். வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். எல்லா டிவிக்கும் பூஜ்யம் சரிவராது. சோனியில் 50தான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் படம் மங்கும். முதல் நாள் படம் கொஞ்சம் மந்தமாகத் தோன்றலாம். கண் பழகட்டும், உடனே கூட்டிவிடாதீர்கள்.

பல டிவிகளில் இந்த மாற்றம் அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே பொருந்தும். செட்-டாப் பாக்ஸ் வழியாகவும் பார்ப்பீர்கள் என்றால் அந்த HDMI இணைப்பிலும் தனியாகச் செய்ய வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய படத்தில் கோடு தெரிந்தால், திரை மூலையில் இருக்கும் வசந்தம் சின்னத்தைப் பாருங்கள். அது ஒளிபரப்பும்போது மேலே சேர்க்கப்படுவது. சின்னத்தின் ஓரம் சுத்தமாக இருந்து நடிகரைச் சுற்றி மட்டும் கோடு இருந்தால், அந்தப் பிரதியை டிஜிட்டலுக்கு மாற்றியபோதே யாரோ கூர்மையை ஏற்றிவிட்டார்கள். அதை உங்கள் டிவியால் நீக்க முடியாது. Sharpness அளவை மேலும் இறக்கினால் மிச்சமிருக்கும் தெளிவும் போய்விடும். சின்னத்தைச் சுற்றியும் கோடு இருந்தால், இன்னும் ஏதோ ஒரு செட்டிங் அணையாமல் இருக்கிறது. பட முறையின் மேம்பட்ட மெனுவைத் திறந்து தேடுங்கள்.