அவரும் சிரித்தார், சரி

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒரு டீமுக்கு மேனேஜராக இருக்கிறேன். காலை மீட்டிங்கில் எல்லோரையும் கொஞ்சம் கலாய்ப்பது என் வழக்கம். ஒரு பையன் இரண்டு முறை சொன்ன தேதியில் வேலையை முடிக்கவில்லை. அதிலிருந்து அவனை ‘நாளைக்கு சார்’ என்று கூப்பிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும்தான். போன வாரம் எச்.ஆரிடம் போய் வேறு டீமுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறான். நான் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கேலியைக்கூடத் தாங்க முடியாதா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

நீங்கள் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று நம்புகிறேன். அது அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து சீட் நண்பர் ‘நாளைக்கு சார்’ என்றால் அது வெறும் கேலி. நண்பரின் கையில் அவருடைய அப்ரைசல் இல்லை. நீங்கள் சொல்லும்போது கேலியோடு ஒரு செய்தியும் போகிறது: அந்தத் தாமதத்தை மேனேஜர் இன்னும் மறக்கவில்லை. இது விளையாட்டா, மார்ச்சில் வரப்போகும் ரேட்டிங்கின் முன்னறிவிப்பா என்று வீட்டுக்குப் போயும் யோசிப்பார். உங்களிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் “சும்மாதான்பா சொன்னேன்” என்பீர்கள். அவர் தொட்டாற்சுருங்கி ஆகிவிடுவார்.

அவரும் சிரித்தார் என்கிறீர்கள். அந்த அறையில் அவர் வேறென்ன செய்திருக்க முடியும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் கேலி உறுதியாகிவிடும். பதிலுக்கு, “நீங்க அப்ரூவல் தர நாலு நாள் ஆச்சே சார்” என்று சொல்லியிருக்கலாம். ஒருவேளை தாமதத்துக்குக் காரணமே அதுவாக இருக்கலாம். யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னதுண்டா? நானறிந்த ஒரே அளவுகோல் இதுதான். நீங்கள் கேலி செய்த அதே விஷயத்தில், அதே அறையில், அதே சூட்டோடு அவர் திருப்பித் தர முடிய வேண்டும்.

மச்சான்மார் ஒருவரையொருவர் ஓட்டுவதை எல்லாக் கல்யாண வீட்டிலும் பார்க்கிறோம். எவ்வளவு காரமாக இருந்தாலும் அது உறுத்துவதில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் உரிமை உண்டு. கேலி உறவுகளைப் பற்றி 1940-இல் எழுதிய மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்றில் இருவரும் கேலி செய்துகொள்வார்கள். இன்னொன்றில் ஒருவர் கேலி செய்வார், மற்றவர் முகம் கோணாமல் வாங்கிக்கொள்வார். உங்கள் மீட்டிங்கில் நடப்பது இரண்டாவது. முதலாவது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அலுவலகத்துக்குள்ளேயே இதைக் கவனித்தவர் சமூகவியலாளர் ரோஸ் கோசர். அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவமனையின் ஊழியர் கூட்டங்களில் உட்கார்ந்து, யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். 1960-இல் அந்த ஆய்வு வெளியானது. மூத்த மருத்துவர்களே அதிகம் கிண்டல் செய்தார்கள், அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். கூட்டத்தில் இருந்த மூத்தவர் யாரையும் இளையவர்கள் கிண்டல் செய்யவில்லை. நோயாளிகளையோ தங்களையோதான் செய்துகொண்டார்கள். அவர்களுக்கு நகைச்சுவை வராது என்பதல்ல, அந்த அறையில் சிரிப்பு மேலிருந்து கீழே மட்டும்தான் ஓடியது. உங்கள் அடுத்த மீட்டிங்கில் கவனியுங்கள். ஜோக் முடிந்ததும் முதலில் சிரிப்பவர் யார், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பவர் யார் என்று தெரிந்துவிடும்.

இதில் எனக்கு அதிகம் கவலை தருவது அவருடைய மனவருத்தம் மட்டுமல்ல. பட்டப்பெயர் வாங்கியவர் அடுத்த முறை மூன்று நாள் வேலைக்கு ஆறு நாள் கேட்பார். சிக்கல் வந்தால் செவ்வாய்க்கிழமையே சொல்லாமல் வெள்ளிக்கிழமை வரை மூடி வைப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள். தாமதத்தைக் குறைக்கச் சொன்ன கேலி, தாமதத்தை மறைக்கப் பழக்கிவிடும்.

கேலியே கூடாது என்று சொல்ல மாட்டேன். கிரிக்கெட், டிபன் பாக்ஸ், உங்கள் சொந்தச் சொதப்பல்கள் என்று எவ்வளவோ இருக்கின்றன. நீங்கள் மார்க் போடப்போகும் விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தாமதத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தனியாக, நேராகப் பேசுங்கள்.

இந்தப் பையனிடம், “மனசு கஷ்டப்பட்டதா?” என்று கேட்காதீர்கள். “இல்லை சார்” என்றுதான் சொல்வார். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மன்னிப்பும் கேட்காதீர்கள், அவர் மறுபடியும் காட்சிப்பொருளாகிவிடுவார். தனியே கூப்பிட்டு, “அந்தப் பேரை நான் வைத்திருக்கக் கூடாது, இனி சொல்ல மாட்டேன்” என்று முடித்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அதைச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், அவர்களுக்கு அது உங்களிடமிருந்து வந்ததுதான். அப்புறமும் அவர் வேறு டீமுக்குப் போகத்தான் நினைத்தால், முணுமுணுக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.