சிரித்த முகம் ஏன் J ஆகிறது?

கேள்வி: உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். போனில் இமோஜி போடத் தெரியும். லப்டொப்பில் அவுட்லுக்கில் பதில் எழுதும்போது :) என்று ரைப் செய்தால் ஸ்மைலி வருகிறது. ஆனால் போன கிழமை ஒரு விருந்தாளி, "வரிக்கு வரி ஏன் J போடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஒழுங்காக இமோஜி போடுவது எப்படி?

பதில்: அந்த J உங்கள் கைவேலை அல்ல, அவுட்லுக்கின் வேலை. பழைய அவுட்லுக்கும் வேர்டும் :) ஐக் கண்டவுடன் அதை எடுத்துவிட்டு, Wingdings என்ற எழுத்துருவில் ஒரு J ஐ வைத்துவிடும். அந்த எழுத்துருவில் J இருக்க வேண்டிய இடத்தில் சிரித்த முகம் வரையப்பட்டிருக்கிறது. உங்கள் திரையில் முகம் தெரியும். எழுத்துரு போய்ச் சேராத போனிலோ வேறு கணினியிலோ வெறும் J தான் மிஞ்சும்.

பாமினியில் ரைப் செய்து பழகியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பாமினி இல்லாத கணினியில் "தமிழ்" என்ற சொல் jkpo; என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இது. உண்மையான இமோஜி யூனிகோட் எழுத்து. அது தன் அடையாளத்தோடே பயணம் செய்யும். போனுக்குப் போன் முகத்தின் வடிவம் கொஞ்சம் மாறலாம், ஆனால் J ஆகாது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதற்கான பலகை உள்ளேயே இருக்கிறது, எதையும் இறக்கத் தேவையில்லை. முதலில் கடிதத்தில் இமோஜி வர வேண்டிய இடத்தில் கிளிக் செய்யுங்கள். இதை மறந்தால் படம் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. பிறகு Alt க்குப் பக்கத்தில் நான்கு கட்டம் போட்ட விண்டோஸ் கீயை அழுத்திப் பிடித்தபடியே, முற்றுப்புள்ளிக் கீயை ஒரு தடவை தட்டுங்கள்.

```
Win + .
```

ஸ்டார்ட் மெனு திறந்தால், புள்ளியைத் தட்டுமுன் விண்டோஸ் கீயை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். Esc அடித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். புள்ளிக் கீ என்பது கமாவுக்குப் பக்கத்தில் இருப்பது, வலப்பக்க எண் கட்டத்தில் இருப்பதல்ல. அந்தக் கீ பழுதென்றால் `Win + ;` உம் இதே வேலையைச் செய்யும்.

சரி, சனிக்கிழமை வரும் ஒருவருக்குப் புறாத்தீவுப் பயணம் பற்றி எழுதுகிறீர்கள், ஓர் ஆமை வேண்டும் என்று வையுங்கள். பலகை திறந்ததும் நூற்றுக்கணக்கான படங்களுக்குள் தேடி அலையாதீர்கள். `turtle` என்று ரைப் செய்தால் 🐢 மேலே வந்து நிற்கும். அதைக் கிளிக் செய்யுங்கள், பிறகு Esc அடித்துப் பலகையை மூடுங்கள். தேடிய சொல் கடிதத்திலும் கிடந்தால் அழித்துவிடுங்கள். தமிழ் யூனிகோட் கீபோட்டில் இருந்தால் முதலில் `Win + Space` அடித்து ஆங்கிலத்துக்கு மாறுவது நல்லது, தேடல் சுலபமாகும். பாமினிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, கீபோட் ஏற்கெனவே ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் இமோஜிக்குப் பிறகு தமிழ் குழம்பி வந்தால், எழுத்துருப் பெட்டியில் பாமினி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழக்கதோஷத்தில் :) அடித்து முகம் மாறிவிட்டால், உடனே `Ctrl + Z` அடித்தால் அந்த மாற்றம் மட்டும் திரும்பிவிடும். வேர்டில் நிரந்தரமாக நிறுத்த:

```
File > Options > Proofing > AutoCorrect Options
```

அங்குள்ள பட்டியலில் :) வரியைத் தெரிவு செய்து Delete கொடுங்கள். பழைய அவுட்லுக்கில் Options இல் Mail பகுதிக்குள் போனால் இதே பெட்டிக்குப் போகலாம்.

விண்டோஸ் 7 இல் இந்தப் பலகையே கிடையாது. மக் வைத்திருப்பவர்களுக்கு `Control + Command + Space`.

விடுதிக்காரர்கள் அடுத்ததாகத் தேடுவது இலங்கைக் கொடியைத்தான், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் பலகையில் நாட்டுக் கொடிகள் இல்லை. போனிலிருந்து கொடியை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி லப்டொப்பில் திறந்தால், பெரும்பாலும் LK என்று இரண்டு எழுத்துத்தான் தெரியும். பழுதில்லை. அந்த இரண்டையும் சேர்த்துப் பிரதி செய்து கடிதத்தில் ஒட்டுங்கள், விருந்தாளியின் போனில் கொடியாகவே தெரியும். கையால் LK என்று ரைப் செய்தால் ஆகாது, அவை வேறு எழுத்துகள். அவரும் விண்டோஸ் கணினியில் வாசித்தால் அவருக்கும் LK தான். பயர்பொக்ஸ் உலாவி மட்டும் சொந்தமாகப் படங்களைக் கொண்டுவருவதால் அதில் கொடி தெரியும்.