படம் புரிகிறது, திருத்த மட்டும் வரவில்லை

"குடும்பப் படம் ஒன்றை ஏஐ சாட்பாட்டில் ஏற்றினேன். யார் எங்கே நிற்கிறார்கள், யார் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று அச்சாகச் சொன்னது. தாத்தாவின் தலைக்குப் பின்னால் தெரியும் கம்பத்தை எடுத்துவிடு என்றால் முடியாது என்கிறது. ஏன்?"

அதற்குக் கண் உண்டு, கை இல்லை. போனில் எடுத்த படம் 4000 x 3000 என்றால் அதில் 1.2 கோடி பிக்சல்கள். அதை முதலில் சுருக்கி, பிறகு சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுவார்கள். 2020-இல் வந்த விஷன் டிரான்ஸ்ஃபார்மர் முறையில், 224 x 224 பிக்சல் படம், 16 x 16 பிக்சல் அளவுள்ள கட்டங்களாக வெட்டப்பட்டு 196 துண்டுகள் ஆகும். ஒவ்வொரு துண்டும் ஓர் எண் வரிசையாக மாறும். சொற்களும் உள்ளே எண் வரிசைகள்தான் என்பதால், சாட்பாட்டை இயக்கும் மொழி மாதிரி இரண்டையும் சேர்த்தே வாசித்துவிடுகிறது.

அந்த எண்களில் 'தலைக்குப் பின்னால் சாம்பல் நிறக் கம்பம்' என்ற சேதி இருக்கும். பதில் சொல்ல அது போதும். ஆனால் தாத்தாவின் ஒவ்வொரு முடியின் நிறமும் அதில் அப்படியே இருக்காது, அதிலிருந்து உங்கள் படத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது. தவிர, வெளியே வருவது ஒவ்வொரு சொல்லாகத்தான். பிக்சலைத் தொடும் வழியே அங்கே கிடையாது. சில சமயம் "எடுத்துவிட்டேன்" என்று கூசாமல் சொல்லும். கீழே படம் இல்லையென்றால் அது வெறும் வாக்கியம்.

படம் தரும் சாட்பாட்களும் இருக்கின்றனவே என்பீர்கள். உண்மைதான். வெட்டுவது, திருப்புவது போன்ற வேலையைச் சில கருவிகள் சின்ன நிரல் எழுதி ஓட்டியே முடித்துவிடும், அதில் ஆபத்தில்லை. கம்பத்தை எடுக்கச் சொன்னால் படம் வரையும் மாதிரியிடம் வேலை போகும். அது பெரும்பாலும் படம் முழுவதையும் புதிதாக வரைந்து தரும். கம்பம் போயிருக்கும், தாத்தா அவருடைய தம்பி மாதிரி ஆகியிருப்பார்! கண்டுபிடிக்க, நீங்கள் மாற்றச் சொல்லாத இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கண்ணாடியின் விளிம்பு, விரல்கள், பின்னால் உள்ள எழுத்துகள். பிக்சல் அளவும் குறைந்திருக்கலாம்.

உங்கள் வேலைக்கு, படம் திருத்தும் செயலியில் உள்ள அழிப்பான் போதும். அதில் நீங்கள் விரலால் தேய்த்த இடத்தை மட்டும், சுற்றியுள்ள நிறங்களைப் பார்த்து நிரப்பும், முகத்தைத் தொடாது. அசலை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, கம்பத்தை மேலிருந்து துண்டு துண்டாகத் தேயுங்கள். தலைமுடியைத் தொடும் இடம்தான் சிக்கல். அங்கே நன்றாகப் பெரிதாக்கி, தூரிகையைச் சிறிதாக்கி, முடிக்கு ஓரிரு பிக்சல் தள்ளியே நிறுத்துங்கள்.